ஐந்தே முக்காலுக்குள் ஆறு காகிதம்

பென்ஷன் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்து எழுந்தவன் நான். மற்றவர்கள் கொண்டு வரும் விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியே பேர் வாங்கியவன். அப்படிப்பட்டவன் கட்டிக் கொடுத்த விண்ணப்பம் ஒன்று "ஆவணம் தெளிவாக இல்லை" என்று திரும்பி வந்த கதை இது. வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதி வைத்தால் யாருக்காவது உதவும்.

எங்கள் வீட்டில் பதினோரு வருடம் பாத்திரம் துலக்கிய அம்மா ஒருவர். மதுரை வேண்டாம், சொந்த ஊருக்கே போகிறேன் என்று செக்கானூரணியைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்துக்குப் போய்விட்டார். இடுப்பு முடியவில்லை. முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட வேண்டும் என்று போன் செய்தார். தமிழ்நாட்டில் இந்த உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அது 1,200 ரூபாய் ஆயிற்று. நமக்கு அது ஒரு தடவை மருந்துக் கடைக்குப் போய்வரும் காசு. அந்த அம்மாவுக்கு அரிசி போக மாதச் செலவு முழுவதும் அதுதான்.

விண்ணப்பம் ஏற்றுவது அந்த ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் இயங்கும் இ-சேவை மையத்தில். நகைக்கடன், பயிர்க்கடன் வேலைகளுக்கு நடுவே ஒரு பெண் எழுத்தர்தான் கணினியையும் பார்த்துக்கொள்கிறார். முப்பது வயது இருக்கலாம். கிழவி அவரைக் "கணக்குப்பிள்ளைப் பொண்ணு" என்றுதான் சொல்லுவார். கர்ணம், முன்சீப் பதவிகளையெல்லாம் 1980 நவம்பரில் ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தாயிற்று. ஆனால் ஊரில் காகிதம் பார்ப்பவர் எவரானாலும் அந்த அம்மாவுக்குக் கணக்குப்பிள்ளைதான்.

நான் என்ன செய்தேன்? "அந்தப் பெண்ணுக்கு எதற்குச் சிரமம், ஆவணங்களை நானே கட்டித் தருகிறேன்" என்று மதுரை வீட்டில் உட்கார்ந்து, கைப்பேசியில் படமெடுத்து, ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். இணையப் பக்கம் ஒரு கோப்புக்கு 200 கேபிக்கு மேல் வாங்காது என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தார். நான் கைப்பேசிச் செயலியில் Black & White என்று இருந்ததைத் தட்டினேன். ஆறு காகிதமும் சேர்ந்து 90 கேபிதான் வந்தது. பாதிகூட இல்லையே என்று மனைவியிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். ஐயா பென்ஷன் பிரிவில் இருந்தவர் என்ற மரியாதையில் அந்தப் பெண்ணும் திறந்து பார்க்காமலே ஏற்றிவிட்டார்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது.

2024 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. கிராம நிர்வாக அலுவலர் அந்தப் பெண்ணிடம் சொன்னாராம்: "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஏத்திட்டா பொங்கல் கழிச்சுப் போற பட்டியல்ல வந்துரும். விட்டா மறுபடியும் முதல்லேருந்துதான்." சனி, ஞாயிறு, பிறகு பொங்கல், மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள். தாலுகா ஆபீஸ் கதவு இனி 18ஆம் தேதிதான் திறக்கும். அந்த வாரம் முதலிலேயே போயிருக்கலாம். பஸ் ஸ்ட்ரைக் என்று பேச்சாக இருந்ததில் கிழவி பயந்துகொண்டு கிளம்பவில்லை. நானும் என் பங்குக்குத் தள்ளிப்போட்டேன்.

செய்த தப்பு என்னுடையது என்பதால் நானே பஸ் ஏறினேன். வழியெல்லாம் காளைகளை நடக்கவிட்டுக் கூட்டிப் போகிறார்கள். வண்டி ஊர்ந்துதான் போயிற்று. சங்கத்துக்குள் நுழையும்போது மணி நாலு பத்து. கிழவி வாசல் திண்ணையில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தார். "வாங்கய்யா, ஒங்கள அலைய விட்டுட்டேனே" என்றார். யார் யாரை அலைய விட்டது?

அந்தப் பெண் என்னைக் குறை சொல்லவில்லை. திரையில் நான் கட்டிய பிடிஎஃபைத் திறந்து, நாலாவது பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"ஐயா, இதுல சீல் எங்க இருக்கு, பாருங்க."

இல்லை. கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்துக்குக் கீழே வெறும் வெள்ளைத்தாள். மூலத்தைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஊதா மையில் வட்டமான முத்திரை. கொஞ்சம் வெளிறியிருந்தாலும் நன்றாகவே தெரிகிறது.

Black & White என்றால் கறுப்பு வெள்ளை சினிமா மாதிரி என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று முழுக் கறுப்பு, இல்லாவிட்டால் முழு வெள்ளை. நடுவில் எதுவும் கிடையாது. ஒரு அளவுக்கு மேல் வெளிறியிருந்தால் இயந்திரம் அதை வெள்ளை என்று முடிவு செய்துவிடும். பால்பாயின்ட் கையெழுத்து தப்பிக்கும். தேய்ந்த ஸ்டாம்ப் பேடில் குத்திய ஊதா முத்திரை தப்பிக்காது. ஆதார் அட்டையில் இருந்த கிழவியின் முகமும் மைக்கறை மாதிரி ஆகியிருந்தது. சினிமா மாதிரி வேண்டுமானால் Grayscale என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் சாம்பல் நிறத்தில் 256 படிகள் உண்டு. ஊதா முத்திரை சாம்பலாக விழும். ஆனால் விழும்.

அந்தச் சான்றுதான் இந்த விண்ணப்பத்துக்கே ஆணிவேர். கிழவியின் பாஸ்புக்கில் முதலெழுத்து அப்பா பெயருடையது. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் புருஷன் பெயருடையது. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் பணம் போகப்போகும் கணக்கு வேறு யாருடையதோ என்று கேட்க அந்த ஒரு எழுத்து போதும். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று அலுவலர் எழுதிக் கொடுத்த சான்று அது. முத்திரை இல்லாவிட்டால் அது யாரோ எழுதிய கடுதாசி. என் நாற்காலியில் இருந்திருந்தால் நானும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

வேலையை ஆரம்பித்தோம். முதலில் அவசரத்தில் ஆறையும் அப்படியே ஸ்கேன் செய்துவிட்டார். கோப்பு 3 எம்பிக்கு மேல். விசாரித்தால், முந்தின இரண்டு நாளும் ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கு ஆன்லைன் பதிவாம். உரிமையாளரோடு காளை நிற்கும் படம், சான்று என்று ஊரே வரிசையில் நின்றிருக்கிறது. ஸ்கேனர் கலரில், 300 டிபிஐயில் அப்படியே நிற்கிறது.

அந்த 300 என்பது என்னவென்று அந்தப் பெண் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு அங்குல நீளத்தில் 300 புள்ளி. ஏ4 தாள் முழுவதுக்கும் அகலத்தில் 2,480, நீளத்தில் 3,508. பெருக்கினால் ஏறக்குறைய 87 லட்சம் புள்ளி. கலர் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண். 150 ஆகக் குறைத்தால் பாதியாகும் என்றுதான் நான் நினைத்தேன். அகலமும் பாதி, நீளமும் பாதி, ஆகவே புள்ளிகள் கால்பங்கு. சாம்பல் நிறம் என்றால் புள்ளிக்கு ஒரே எண். இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு. சுருக்கும் வேலை எதுவும் செய்யாமலே, எடுக்கும்போதே கிடைக்கும் லாபம் இது.

"எடுத்ததையே நசுக்கிட்டா என்னம்மா? இணையத்தில் இலவசமாகச் சுருக்கித் தருகிறார்களே" என்றேன்.

"வேணாங்கய்யா. ஒண்ணு, அப்பத்தாவோட ஆதாரையும் பாஸ்புக்கையும் எந்த ஊர்க் கம்ப்யூட்டருக்கோ அனுப்புறோம். ரெண்டாவது, நசுக்கினதையே திரும்ப நசுக்கினா நம்பர் கலங்கிப் போயிரும். 3 எட்டு மாதிரித் தெரியும்."

எனக்குச் சட்டென்று கார்பன் தாள் ஞாபகம் வந்தது. தட்டச்சில் ஐந்து நகல் வைத்து அடித்தால் ஐந்தாவதில் எந்த எண்ணையும் நம்ப முடியாது. அதிலிருந்து மறுபடி நகல் எடுத்தால் கேட்கவே வேண்டாம். படங்களைச் சுருக்கும் முறையும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது என்று நினைக்கிற நுணுக்கங்களைத்தான் தூக்கி எறிகிறது. சிறு எழுத்தின் ஓரங்கள் அந்த நுணுக்கத்தில்தான் இருக்கின்றன. ஆகவே மூலத்திலிருந்து மறுபடி எடுப்பதே சரி.

இரண்டாவது சுற்று. அட்டைகளைக் கண்ணாடியில் வைத்து முழு ஏ4 பரப்பையும் எடுக்காமல், அட்டை அளவுக்கு மட்டும் கட்டம் போட்டு எடுத்தார். மிச்ச இடம் வெள்ளைதானே, அதற்கென்ன கனம் என்று கேட்டேன். சுத்த வெள்ளை என்றால் கனமில்லைதான். ஆனால் கண்ணாடியில் தூசி, கைரேகை, மூடியின் நிழல் எல்லாம் இருக்கிறதே. இயந்திரம் அதையும் பத்திரமாகச் சேர்த்து வைக்கும். அட்டைகளில் எழுத்துப் பொடி என்பதால் அவற்றுக்கு மட்டும் 200 டிபிஐ. ஆதார் இரண்டு பக்கம், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, ஆக நாலு முகம், தலா 35 கேபி சுமார். அலுவலர் சான்று 70. பாஸ்புக் முதல் பக்கம் 45. மொத்தம் 255.

மணி ஐந்து. கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் கணினியைத் தாங்கியது, ஸ்கேனரைத் தாங்கவில்லை. கிழவி உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன தாயி, ஆகாதா?" என்றார். "ஆகும் அப்பத்தா, ஒக்காருங்க" என்றார் அந்தப் பெண். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் என் பழைய தொழில் கொஞ்சம் கைகொடுத்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். விண்ணப்பத்தோடு வைக்கும் காகிதங்களை அங்கே "பியேஸ்" என்பார்கள். எல்லாம் சேர்ந்த கட்டு "தொசியே". "தோ" என்றால் முதுகு. கட்டின் முதுகில் சீட்டு ஒட்டி அடுக்கி வைத்ததால் வந்த பெயர். கட்டு என்றால் சும்மா சேர்த்து நூல் கோப்பது இல்லை. படிப்பவருக்கு எந்த இடத்தில் சந்தேகம் வருமோ, அதற்கு அடுத்த தாளில் பதில் இருக்க வேண்டும். நான் முதலில் அனுப்பிய பிடிஎஃபில் ஆதாருக்கு அடுத்து குடும்ப அட்டை, பிறகு பாஸ்புக், அலுவலர் சான்று நாலாவது, கடைசியில் மற்றவை. பாஸ்புக்கைப் பார்க்கும்போதே அதிகாரிக்குப் பெயர் இடித்திருக்கும். அடுத்த பக்கத்தில் முத்திரையும் இல்லை. இந்தத் தடவை இப்படி வைப்போம் என்றேன்: ஆதார் இரண்டு முகம், வயதுக்கு வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை. பிறகு இரண்டு பேரும் ஒருவரே என்ற சான்று. அதைத் தாண்டித்தான் பாஸ்புக். பாலத்தைக் கடந்த பிறகு அக்கரை.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கோப்புகளுக்கு 1 முதல் 6 வரை எண் போட்டார்.

கரண்ட் வந்தபோது ஐந்து பத்து. இன்னும் 55 கேபி இளைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குறைத்தால் ஆதாரின் பொடி எழுத்து போய்விடும். எந்தக் காகிதம் குறைத்தால் தாங்கும் என்று பார்த்தோம். பாஸ்புக்கில் பெயர், கணக்கு எண், கிளை, ஐஎஃப்எஸ்சி எல்லாம் மேல் பாதியில் முடிந்துவிடுகின்றன. கீழே வங்கியின் விதிமுறைகள்தான். வெட்டியதும் 45 என்பது 25 ஆயிற்று. அலுவலர் சான்றில் முத்திரைக்குக் கீழே தாள் காலி. அதையும் வெட்டினால் 70 என்பது 50. இப்போது மொத்தம் 215. இன்னும் பதினைந்து கூடுதல்.

"இவரு எழுத்து பெருசு பெருசா இருக்குய்யா. நூறுல எடுத்தாலும் தெரியும்" என்று சொல்லி, அந்தச் சான்றை மட்டும் 100 டிபிஐயில் மறுபடி எடுத்தார். 26 கேபி. முத்திரையின் வட்டமும் உள்ளே இருந்த ஊர்ப்பெயரும் படிக்க முடிந்தன. மொத்தம் 191.

இவ்வளவுதான் என்று நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை. பிடிஎஃபை இரண்டு மடங்கு பெரிதாக்கி, மூலத்தை என் கையில் கொடுத்து, திரையில் உள்ளதை அவர் வாசிக்க நான் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஆதாரின் 12 எண்கள். பிறகு கணக்கு எண். ஐஎஃப்எஸ்சியில் ஐந்தாவது இடத்தில் இருப்பதை நான் "ஓ" என்று வாசித்தேன். "இல்லைய்யா, எந்த பேங்கா இருந்தாலும் அஞ்சாவது எப்பவும் பூஜ்யந்தான்" என்று திருத்தினார். எழுபது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டேன். ஒப்பிட்டு வாசிப்பது என் காலத்தில் கட்டாயம். ஒருவர் படிக்க, ஒருவர் பார்த்து, ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் போடுவோம். வீட்டில் கைப்பேசியில் செய்தபோது அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. 90 கேபி என்ற எண்ணைப் பார்த்த கண் முத்திரையைப் பார்க்கவில்லை.

ஐந்து இருபத்தெட்டுக்கு ஏற்ற ஆரம்பித்தார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, நேரம் முடிந்துவிட்டது, மறுபடி உள்நுழையவும் என்று வந்தது. என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவர் பொறுமையாக மறுபடி உள்ளே போனார். திருப்பி அனுப்பிய குறிப்புக்குப் பதில் எழுதும் கட்டத்தில், "முத்திரை தெளிவாகத் தெரியும்படி சான்று 5ஆம் பக்கத்தில் இணைக்கப்பட்டுள்ளது" என்று ஒரே வரி. எந்தக் குறைக்கு எந்தப் பக்கம் பதில் என்று சொல்லிவிட்டார். என் கீழ் வேலை பார்த்த எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்களோ.

இந்தத் தடவை ஏறியது. ஏறிய பிறகும் சமர்ப்பிக்கவில்லை. பக்கத்திலிருந்த View என்பதை அழுத்தி, அங்கே போய் உட்கார்ந்திருக்கும் கோப்பையே திறந்து, ஐந்தாம் பக்கத்தைப் பார்த்தார். முத்திரை இருந்தது. ஆறாம் பக்கம் தலைகீழாக இல்லை. நம் கணினியில் இருப்பது ஒன்று, அங்கே போய்ச் சேர்ந்தது ஒன்றாகப் பல தடவை பார்த்திருக்கிறாராம். பழைய கோப்பையே மறுபடி தேர்ந்தெடுத்து ஏற்றிவிடுவதும் உண்டாம்.

ஐந்து முப்பத்தேழுக்கு ஒப்புகைச் சீட்டு அச்சானது. கிழவி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்தார். "பணம் எப்ப வரும் தாயி?" என்றார். "அது அவுங்க கையில அப்பத்தா. நம்ம கையில உள்ளது முடிஞ்சுருச்சு" என்றார் அந்தப் பெண், அடுத்து நகைக்கடன் பேரேட்டை எடுத்துக்கொண்டே.

மாசி மாதக் கடைசியில் ஆணை வந்தது என்று கிழவி போன் செய்தார். அடுத்த மாதம் பணமும் வந்திருக்கிறது. முதல் பணத்தில் எனக்கு என்ன வாங்கித் தரட்டும் என்று கேட்டதுதான் தாங்க முடியவில்லை. ஒன்றும் வேண்டாம், இடுப்புக்குத் தைலம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

சித்திரையில் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சங்கத்தில் எட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் வேறொரு தாத்தாவுக்கு ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். திரையில் பிடிஎஃப் கோப்புகளின் வரிசை. நடுவில் ஒரு பெயர் கண்ணில் பட்டது: ayya_bw_seal_missing.pdf.

"அது என்னம்மா?"

"ஒங்களோடதுதாங்கய்யா. அழிக்கல. கைப்பேசில எடுத்துட்டு வர்றவங்ககிட்டத் திறந்து காட்டுறதுக்கு வச்சிருக்கேன்."